பாதித் தப்பு

சலவை ஆலையில் எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பரவாயில்லை'. யாராவது காலை மிதித்தால் பரவாயில்லை. டீயில் சர்க்கரை போட மறந்தால் பரவாயில்லை. அதோடு விட்டாலாவது தேவலை. மிதித்தவன் "மன்னிச்சிருங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மனுஷன் உருகிப்போவார். "நானும் நடுவழியில காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்ல. என் மேலயும் தப்பு இருக்கு" என்று பாதித் தப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். மன்னிப்புக் கேட்டவனை முழுத் தப்போடு தனியாக நிற்கவிடுவது மரியாதை இல்லை என்பது அவருடைய கொள்கை. வீட்டிலும் அப்படித்தான். சாதம் குழைந்துபோனால், "நான்தான் பேச்சுக் கொடுத்து உன்னைக் கெடுத்தேன்" என்பார்.

அவர் மனைவிக்கு அங்கிருந்த தமிழர்கள் வைத்த பெயர் 'அகராதி'. பிழைப்புக்காக வேற்று நாட்டுக்கு, அந்த ஊர் மொழி தெரியாமல் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில், வந்த மூன்றாம் வருஷமே அதைப் படித்துக் கரைத்துக் குடித்தவள் அவள் ஒருத்திதான். பழைய புத்தகக் கடையில் வாங்கிய தலையணை கனத்தில் அகராதி ஒன்று அரிசி டின்னுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, வாடகை வீட்டுக்காரரிடம் பேச என்று யாருக்கு என்ன தேவையானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர்களே முதுகுக்குப் பின்னால், "பேரு மட்டுமா அகராதி, ஆளும் அகராதி புடிச்சவதான்" என்று சிரிப்பதும் உண்டு. அவள் கண்டுகொள்ள மாட்டாள். அவளுக்கு ஒரே ஒரு பெருமை: சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை, கூட்டாமல் குறைக்காமல் அந்தப் பக்கம் கொண்டு சேர்த்துவிடுவாள்.

அந்தப் பெருமையில் ஏற்கெனவே கீறல் விழுந்திருந்தது. அவள்தான் கவனிக்கவில்லை. ஒருமுறை ஜுரத்தில் கிடந்த கிழவரைக் காட்டி, அவர் மகன் நர்சிடம் கெஞ்சினான்: "கொஞ்சம் சீக்கிரம் பாருங்கம்மா." அவள் அதை அப்படியே சொன்னாள். அந்த 'ங்க'வையும் 'ம்மா'வையும் கெஞ்சுகிற குரலையும் எந்த வார்த்தையில் ஏற்றி அனுப்புவது? அவர்கள் மொழியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதென்றாலும் 'தயவுசெய்து' முன்னால் நடக்க வேண்டும், 'முடியுமானால்' பின்னால் வரவேண்டும். நம் பணிவெல்லாம் வினையின் வாலிலும் உறவுச் சொல்லிலும் குரலின் குழைவிலும் ஒளிந்து கிடப்பது. அதெல்லாம் வழியில் உதிர்ந்துபோய், நர்சின் காதில் விழுந்தது, "சீக்கிரம் பார்" என்கிற மொட்டைக் கட்டளை. நர்சு முகத்தைச் சுளித்தாள். 'சிடுமூஞ்சி' என்று அகராதி மனசுக்குள் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆலையில் அவருக்கு உருளை மெஷினில் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகளை வெளுத்துப் பிழிந்து, ஈரத்தோடு தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, சுருக்கம் எடுத்து, சுடுகிற இரண்டு உருளைகளுக்கு நடுவே விடவேண்டும். விரிப்பு அந்தப் பக்கம் மொடமொடவென்று இஸ்திரியாகி வெளியே வரும். அதை மடித்து அடுக்குபவன் அகராதியின் தம்பி. எட்டு மணி நேரமும் நீராவியும் சோப்பு வாசனையும்தான். வெளியே எலும்பு உறைகிற குளிர் என்றாலும் உள்ளே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் மெஷின் சட்டென்று நின்றுவிடும். ஆனால் கனத்த விரிப்பு உரசினாலும் நின்றுவிடும். ஒருநாள் அது இருபது தடவை நின்றதும், சூப்பர்வைசர் கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு பட்டை கிழித்து, கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டார். அதன்பிறகு மெஷின் நிற்கவே இல்லை. ஒன்றரை மாதம் கழித்து, ஒரு விரிப்பின் மூலை மடங்கி உள்ளே போனபோது அதை இழுத்துவிடப் போன 'பரவாயில்லை'யின் வலது கையையும் அது நிற்காமல் இழுத்துக்கொண்டது. மூன்று விரலும் உள்ளங்கையும் வெந்துபோயின.

"நாலு தடவை சொன்னோமேக்கா," என்றான் தம்பி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தான். பருப்பும் சாதமும் அவித்த முட்டையும். அவள் கணவருக்குச் சாதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாக்கித் தட்டில் வைக்க, அவர் இடது கையால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னீங்க?"

"மாமாதான் சொன்னாரு. 'சார், இந்தக் கம்பி இப்படியே இருந்தா நல்லாவா இருக்கும்'னு. நான் எனக்குத் தெரிஞ்ச அளவுல அதை அவங்க பாஷையில சொன்னேன். 'இந்தக் கம்பி இப்படியே இருந்தால் நன்றாக இருக்குமா?'"

"அவரு என்ன சொன்னாரு?"

"'ஓ, நன்றாக இருக்கும்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

கேட்டுக்கொண்டிருந்த கணவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மேலதிகாரிகிட்ட, 'கட்டை அவுத்து விடுய்யா'ன்னா சொல்ல முடியும்? நாம கோடு போட்டாப் போதும், அவர் ரோடு போட்டுக்குவார்னு நினைச்சேன்."

"அவரு கோட்டை அழிச்சிட்டுப் போயிட்டாரு மாமா."

"சரி விடு. அவருக்கும் மேலேருந்து நெருக்கடி. பாவம்."

விசாரணை புதன்கிழமை. என்ன நடக்கும் என்பதை அகராதி ஏற்கெனவே அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். மெஷினில்தான் கோளாறு என்று முடிவானால், கை ஆறும்வரை அவருடைய வேலை அவருக்காகக் காத்திருக்கும். அவர் கவனக்குறைவு என்று முடிவானால், இந்த மாதத்தோடு வேலை போய்விடும். விரல் மடங்காத நாற்பத்தெட்டு வயசு ஆளுக்கு அந்த ஊரில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

"நீ வந்து சொல்லேன்டா, கம்பியைக் கட்டினது யாருன்னு," என்றாள் தம்பியிடம்.

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பார்க்கலாங்க்கா" என்றான். அவள் அப்புறம் அவனைக் கேட்கவில்லை. சொந்தத் தம்பியின் 'பார்க்கலாம்' என்றால் வரமாட்டான் என்று அர்த்தம். அதற்கு அகராதி தேவையில்லை.

புதன்கிழமை காலை அவருக்குச் சட்டை போட்டுவிட்டாள். கை வெந்த நாளிலிருந்து பொத்தான் போடுவது அவள் வேலை. கடைசிப் பொத்தானுக்கு அவர் மோவாயைத் தூக்கிக் காட்டி, "கழுத்தை நெரிச்சுக் கொன்னுடாதடி" என்பார். அந்த வீட்டில் நன்றி என்பது அதுதான். வேறு நன்றி அங்கே யாரும் யாருக்கும் சொன்னதில்லை. அவருக்கு அந்த ஊர் மொழியில் சுத்தமாகச் சொல்ல வருகிற ஒரே வார்த்தை 'நன்றி'. சூப்பர்வைசர் திட்டினாலும் சிரித்துக்கொண்டே அதைத்தான் சொல்வார். ஆலையில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற அந்த வார்த்தையை, செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்.

மேனேஜர் ஒரு பெண்மணி. உயரமானவர், நரைத்த தலை. அவர்கள் உள்ளே போனதும் நாற்காலியை விட்டு எழுந்தார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ஓரத்தில் ஒரு குமாஸ்தா கம்ப்யூட்டரில் தட்டக் காத்திருந்தாள். மேனேஜர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு அவர் கண்ணைப் பார்த்து, "உங்களுக்கு நேர்ந்ததற்காக நான் மிகவும் வருந்துகிறேன்" என்றார்.

அகராதி அதை மொழிபெயர்த்தாள். "உங்களுக்கு இப்படி ஆனதுக்கு ரொம்ப வருத்தப்படுறாங்க."

அவர் ஆடிப்போய்விட்டார். இருபத்தாறு வருஷ வேலையில் எந்த முதலாளியும் எழுந்து நின்று அவரிடம் வருத்தம் தெரிவித்ததில்லை. ஒரு மேனேஜர் இவ்வளவு இறங்கி வந்தபிறகு, கல்லுமாதிரி உட்கார்ந்திருக்க அவருக்கு மனசு வருமா? பதறி எழுந்தார்.

"ஐயோ, நீங்க எதுக்கும்மா பெரிய வார்த்தையெல்லாம் சொல்றீங்க! பரவாயில்லைம்மா. நான்தான் பார்த்துக் கையை விட்டிருக்கணும். தப்பு என் மேலதான்."

அவள் அரை நொடி தயங்கினாள். ஏதோ ஒன்று சுருக்கென்றது. ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறவள் ஆயிற்றே. சொன்னாள்: "பரவாயில்லை என்கிறார். அவர்தான் பார்த்துக் கையை விட்டிருக்க வேண்டுமாம். தவறு அவருடையதுதானாம்."

குமாஸ்தா தட்டினாள்.

மேனேஜரின் புருவம் லேசாக உயர்ந்தது. "தடுப்புக் கம்பியைப் பற்றி யாரிடமாவது புகார் செய்தீர்களா?"

"புகார்னு இல்லைங்க. சூப்பர்வைசர் சார்கிட்ட லேசாக் காதுல போட்டு வச்சோம்."

"எந்த வார்த்தைகளில்?"

அவர் அப்படியே சொன்னார். அவளும் அப்படியே சொன்னாள். 'அது நன்றாக இருக்குமா என்று தொழிலாளி கேட்டார். நன்றாக இருக்கும் என்று சூப்பர்வைசர் பதில் சொன்னார்.' அதுவும் பதிவாயிற்று.

மேனேஜர் இன்னொன்றும் கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். "கை ஆறும்வரை துணி எண்ணுகிற பிரிவில் உட்கார்ந்து வேலை செய்ய விரும்புகிறீர்களா? ஏற்பாடு செய்ய முடியும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதுதானே அவருக்கு வேண்டியது! ஆனால் கேட்டவுடன் லபக்கென்று பிடித்துக்கொள்ள அவர் என்ன பறக்காவெட்டியா? விருந்துக்குப் போன வீட்டில், இன்னொரு கரண்டி போடட்டுமா என்றால் போதும் போதும் என்று இலையைக் கையால் மறைக்கிறோம். போடுகிறவர், அட சும்மா சாப்பிடுங்க என்று கையை விலக்கிப் போட வேண்டும். அதுதானே முறை? அவர் கட்டுக்கையை ஆட்டினார்.

"அதெல்லாம் வேணாங்கம்மா. எனக்காக உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"வேண்டாம் என்கிறார். அவருக்காக நீங்கள் சிரமப்பட வேண்டாமாம்."

"அப்படியா? சரி. உங்கள் விருப்பத்தை மதிக்கிறேன்."

இரண்டாவது தடவை கேட்பார் என்று அவர் புன்சிரிப்போடு காத்திருந்தார். மேனேஜர் பக்கத்தைப் புரட்டினார். அவர்கள் ஊரில் ஒருவர் வேண்டாம் என்றபிறகு திரும்பக் கேட்பதுதான் மரியாதைக் குறைவு.

கடைசியில் ஒரு தாளை நீட்டினார்கள். இரு தரப்பும் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை சரியாக மொழிபெயர்த்தேன் என்கிற உறுதிமொழி. அகராதி தலைநிமிர்ந்து கையெழுத்துப் போட்டாள்.

"எப்பேர்ப்பட்ட மனுஷி!" என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். "எந்திரிச்சு நின்னு வருத்தப்பட்டாங்க பாரு. நமக்கு ஒரு குறையும் வராது."

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. அவள் சமையலறையில் நின்றபடியே படித்தாள். தவறு தன்னுடையதே என்று தொழிலாளி தானாகவே ஒப்புக்கொண்டதாலும், தடுப்புக் கம்பி பற்றி முறையான புகார் எதுவும் இல்லாததாலும், மாற்று வேலையை அவரே மறுத்துவிட்டதாலும், இந்த மாத இறுதியோடு அவருடைய பணி முடிவடைகிறது. அவருடைய ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி.

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவரிடம், "ஏதோ கேட்டு எழுதியிருக்காங்க, போய்ப் பேசிட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் காலை தனியாகக் கிளம்பினாள்.

மேனேஜர் உட்காரச் சொன்னார்.

"அவர் சொன்னது வேறு," என்றாள். "நீங்கள் வருத்தம் தெரிவித்தீர்கள். நீங்கள் பெரியவர். அதற்குப் பதிலாக மரியாதைக்கு அப்படிச் சொன்னார். எங்கள் பேச்சில் அது வழக்கம்."

"அப்படியானால் அவர் சொன்னது உண்மை இல்லை என்கிறீர்களா?"

"பொய் என்று இல்லை. மரியாதை."

மேனேஜர் நிஜமாகவே குழம்பினார். "மரியாதைக்காக ஒருவர் செய்யாத தவறைச் செய்தேன் என்பாரா? நான் வருந்தியது என் தவறுக்காக இல்லையே. அவருக்கு வலித்ததற்காக. என் பூனை செத்தபோது எல்லோரும் என்னிடம் வருத்தம் தெரிவித்தார்கள். அவர்களில் யாரும் பூனையைக் கொன்றவர்கள் இல்லை."

"மாற்று வேலையும் அவருக்கு வேண்டும். முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வோம்."

"வேண்டும் என்பதற்கு வேண்டாம் என்பீர்களா?" மேனேஜர் அந்த உறுதிமொழித் தாளை எடுத்து மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார். "அன்றைக்கு நீங்கள் தவறாக மொழிபெயர்த்தீர்களா?"

அவள் தன் கையெழுத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. அதுதான் வினை.

"இல்லை," என்றாள்.

"உங்கள் நிலைமை புரிகிறது. உதவ முடிந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் இந்தக் கட்டத்தில் அது சற்றுக் கடினமாக இருக்கக்கூடும்." சொல்லிக்கொண்டே மேனேஜர் பேனாவை மூடி வைத்தார்.

கடினம் என்றுதானே சொன்னார்? முடியாது என்று சொல்லவில்லையே. நம்மில் கஷ்டம் என்று ஒருவர் சொன்னால், இன்னும் இரண்டு தடவை கேள் என்று அர்த்தம். அவள் கேட்டாள். இன்னொரு தடவையும் கேட்டாள். மூன்றாவது தடவை கையைக் கூப்பிக் கேட்டாள். மேனேஜரின் முகத்திலிருந்த கனிவெல்லாம் போய்விட்டது. எழுந்து கதவைத் திறந்துவிட்டு, "நேரம் ஒதுக்கி வந்ததற்கு மிக்க நன்றி" என்றார்.

வெளியே தள்ளுவண்டிகள் போய்வருகிற நடையில் நிற்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேனா முதல் தடவையே மூடிவிட்டது. அந்தச் 'சற்றுக் கடினம்', 'இன்னும் கேட்டுப் பார்' என்கிற கஷ்டம் இல்லை. சத்தம் கேட்காமல் இருக்கத் தாழ்ப்பாளில் துணி சுற்றிவிட்டுக் கதவைச் சாத்துகிற வேலை. போன வருஷம் ஒரு குடும்பம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டதும், தலைமையாசிரியர் 'சற்றுக் கடினம்' என்றதும், "கஷ்டம்னுதான் சொல்றாரு, முடியாதுன்னு சொல்லல" என்று அவர்களுக்கு இவள் நம்பிக்கை கொடுத்ததும் ஞாபகம் வந்தது. வேறு பள்ளியும் பார்க்காமல் அந்தப் பிள்ளை ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தது. இன்னும் எத்தனை பேரை எத்தனை கதவில் முட்டவைத்தாளோ.

வீட்டுக்கு வந்தபோது, அவர் இடது கையால் வெங்காயம் உரிக்க முயன்று, பாதியைக் கீழே சிந்திவைத்திருந்தார்.

"என்னம்மா சொன்னாங்க?"

"வேலை இல்லைன்னு எழுதியிருந்தாங்க. அதைத்தான் கேட்கப் போனேன். முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். பிறகு, "அந்தம்மாவா? மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னா சொன்னாங்க?"

"சொன்ன வார்த்தை அது இல்ல. கொஞ்சம் கஷ்டமா இருக்கும்னாங்க."

"அப்புறம் என்ன? கஷ்டம்னுதானே சொல்லியிருக்காங்க. இன்னொரு நடை போய்..."

"வேணாங்க. வார்த்தைதான் அது. அர்த்தம் முடியாதுங்கிறதுதான்."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

கடிதத்தை எடுத்து, இந்தத் தடவை ஒன்றுவிடாமல் படித்துச் சொன்னாள். தவறு தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டார். மாற்று வேலையை மறுத்துவிட்டார். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் நான் சொன்னதுதானே?"

"ஆமா."

"நீயும் அதையேதான் சொன்னே."

"அப்படியேதான் சொன்னேன்."

அவர் வெங்காயத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டார். சத்தமே போடாமல் கேட்டார்: "இன்னிக்கு அந்தம்மா சொன்னதுக்கு வார்த்தையை விட்டுட்டு அர்த்தத்தைச் சொல்றே. அன்னிக்கு நான் சொன்னதுக்கும் அர்த்தத்தைச் சொல்லியிருக்கலாம்லம்மா? என் அர்த்தம் உனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷமா என்கூடத்தானே இருக்கே?"

சூப்பர்வைசரையோ மேனேஜரையோ தம்பியையோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவள் ஒருத்தியைத்தான் கேட்டார். கேட்டதும் நியாயமாகத்தான் இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் சொல்லாத வார்த்தையை அன்றைக்கு அவள் சொன்னாள். "என்னை மன்னிச்சிருங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். என் மேலயும் தப்பு இருக்கு என்பார். நான்தான் லூசு மாதிரி உளறிட்டேன், நீ என்ன பண்ணுவே என்பார். ஊரில் காலை மிதித்தவனுக்கெல்லாம் பாதித் தப்பை வாங்கிக்கொண்ட மனுஷன். அடுப்பில் தண்ணீர் கொதித்து அடங்கியது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தோலைக் குப்பையில் கொட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். பரவாயில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அவள் சட்டையை எடுத்துவந்தாள். கட்டுக்கையை மெதுவாகச் சட்டைக் கைக்குள் நுழைத்தாள். கீழேயிருந்து பொத்தான் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே மேலே வந்தாள். கடைசிப் பொத்தானுக்கு அவர் மோவாயைத் தூக்கினார். கழுத்தை நெரிச்சுடாதடி என்பார் என்று அவள் வேண்டுமென்றே காலரைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

அவர் அவள் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்தபடி, சூப்பர்வைசரிடம் சிரிக்கிற அதே சின்னச் சிரிப்போடு, தனக்குச் சுத்தமாக வருகிற அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். அந்த ஊர் மொழியில், 'நன்றி' என்று.

அதற்குப் பதிலாகச் சொல்லவேண்டிய வார்த்தையும் அவளுக்குத் தெரியும். அகராதியில் இருந்தது. அவள் காலரைச் சரிசெய்துவிட்டு, செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.